ஃப்ளோட் இல்லாமல் ஒரு ஃப்ரீசர் வெப்பமானி: ATtiny85, DS18B20

வீட்டு ஃப்ரீசரின் வெப்பநிலையைக் காட்ட ஒரு சின்னப் பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். உள்ளே ATtiny85 மைக்ரோகன்ட்ரோலர், DS18B20 வெப்பநிலை சென்சார், ஒரு குட்டி ஓஎல்இடி திரை. சில்லில் இருப்பது 8 கிலோபைட் ஃப்ளாஷ், 512 பைட் ரேம். திரைக்கான எழுத்துருவும் சென்சாரோடு பேசும் நிரலும் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டன. அதற்குப் பிறகு சென்சார் தரும் raw எண்ணை டிகிரியாக்க `raw * 0.0625` என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிட்டு `avr-size` ஓட்டிப் பார்த்தால், அந்த வரிக்காக ஃப்ளோட் நூலகமே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஃப்ளோட் கணக்குக்கு இந்தச் சில்லில் வன்பொருள் எதுவும் கிடையாது. எல்லாம் மென்பொருளில்தான் நடக்கிறது.

வேகத்துக்காக ஃப்ளோட்டைத் தவிர்க்கச் சொல்பவர்கள் உண்டு. இந்த வேலையில் அது பொருந்தாது. ஒரு கணக்குக்கு ஆயிரம் கிளாக் ஆகிறது என்றே வைத்துக்கொண்டாலும் 8 மெகாஹெர்ட்ஸில் அது 125 மைக்ரோ வினாடிதான். DS18B20 ஒருமுறை 12 பிட் அளவெடுக்க 750 மில்லி வினாடி வரை எடுத்துக்கொள்கிறது. நான் ஃப்ளோட்டை விட்டதற்கு இடம்தான் முதல் காரணம்.

இன்னொன்றும் உண்டு: இந்த சென்சார் கொடுப்பதே ஃபிக்சட் பாயின்ட் எண்தான். 16 பிட் குறியுள்ள முழு எண். அதன் ஒரு படி 1/16 டிகிரி. 25.0625 டிகிரி என்றால் 401 வரும். −10.125 என்றால் −162. அதை ஃப்ளோட்டாக்கி, திரையில் காட்ட மறுபடி இலக்கங்களாக உடைப்பது சுற்றுவழி. பத்தில் ஒரு டிகிரியை அலகாக வைத்தால் 10 ஆல் பெருக்கி 16 ஆல் வகுத்தால் போதும்.

வகுக்கும் இடத்தில்தான் ரவுண்டிங் தகராறு தொடங்குகிறது. சி மொழியில் முழு எண் வகுத்தல் பின்னத்தைப் பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டும். `raw / 16` என்று முழு டிகிரி மட்டும் காட்டினால் −15 முதல் 15 வரை உள்ள 31 மதிப்புகளும் 0 என்றே தெரியும். மற்ற எந்த டிகிரிக்கும் 16 மதிப்புகள்தான். நீர் உறையும் இடத்திலேயே அளவுகோல் இரட்டிப்பாக மழுங்குகிறது.

அருகிலுள்ள எண்ணுக்கு ரவுண்ட் செய்ய, வகுப்பதற்கு முன் பாதியைக் கூட்டுவது வழக்கம். இங்கே அது 8. `(raw * 10 + 8) / 16` நேர்மறை எண்களுக்குச் சரியாக வரும். டேட்டாஷீட்டில் ஒரு மாதிரி அட்டவணை இருக்கிறது: 125, 85, 25.0625, 10.125, 0.5, 0, அப்புறம் எதிர்மறையில் −0.5, −10.125, −25.0625, −55. அதை அப்படியே சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். எதிர்மறை நான்கும் பத்தில் ஒன்று தவறின. −0.5 டிகிரிக்கு raw −8. −80 உடன் 8 சேர்த்தால் −72. 16 ஆல் வகுத்தால் −4.5, பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டினால் −4. திரையில் −0.4. பாதியைக் கூட்டியதும் மேல்நோக்கித் தள்ளியது, வெட்டியதும் மேல்நோக்கித் தள்ளியது.

வகுத்தலுக்குப் பதில் வலப்புற ஷிஃப்ட் போட்டால் இது தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் ஷிஃப்ட் எப்போதும் கீழ்நோக்கியே வெட்டும்:

```c
int16_t t10 = (raw * 10 + 8) >> 4;
```

எதிர்மறை எண்ணை வலப்புறம் ஷிஃப்ட் செய்தால் என்ன ஆகும் என்பதை சி தரநிலை கம்பைலரிடம் விட்டுவிடுகிறது. ஜிசிசி குறியைக் காப்பாற்றியே ஷிஃப்ட் செய்யும், ஆகவே இங்கே கவலையில்லை. சரிபாதியில் வரும் மதிப்புகள் மட்டும் மேல்நோக்கியே போகும்: 0.25 என்பது 0.3, −0.25 என்பது −0.2. ஃப்ரீசருக்கு இதற்கு மேல் மெனக்கெட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

திரையில் எழுதும்போது −0.5 மறுபடி படுத்தும். t10 இப்போது −5. `t10 / 10` என்பது 0, அதற்குக் குறி கிடையாது. `t10 % 10` என்பது −5. அப்படியே அச்சிட்டால் `0.-5`. மீதியை நேர்மறையாக்கினால் 0.5, அதாவது உறைநிலைக்குக் கீழே இருப்பது மேலே இருப்பதாகத் தெரியும். −0.1 முதல் −0.9 வரை மட்டுமே வருகிற கோளாறு இது. −18 டிகிரியில் சோதிப்பவர் கண்ணில் படாது. முதலில் குறியை எழுதிவிட்டு, எண்ணை நேர்மறையாக்கி, அதன்பின் உடைக்க வேண்டும்.

நூறில் ஒரு டிகிரி வேண்டும் என்று `raw * 100` போட்டுப் பார்த்தபோது கிடைத்தது இன்னும் சுவாரஸ்யம். ATtiny85 போன்ற ஏவிஆர் சில்லுகளில் `int` 16 பிட். raw 328 ஐத் தொட்டதும், அதாவது 20.5 டிகிரியில், பெருக்கல் 32767 ஐத் தாண்டிவிடுகிறது. 32800 சுற்றிக்கொண்டு −32736 ஆகி, 16 ஆல் வகுத்ததும் −20.46 டிகிரி என்று வருகிறது. 30 டிகிரி அறையில் −10.96. −18 டிகிரி ஃப்ரீசரில் வைத்துப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். கரண்ட் போய் உள்ளே எல்லாம் உருகி அறை வெப்பத்துக்கு வந்த பிறகு இந்தப் பெட்டி நிம்மதியாக மைனஸில் காட்டிக்கொண்டிருக்கும்! கணினியில் இதே வரியை ஓட்டினால் கோளாறு தெரியாது. அங்கே `int16_t` என்று அறிவித்தாலும் பெருக்கல் 32 பிட்டில் நடக்கும். `(int32_t)raw * 100` என்று எழுதுவதே மருந்து, சோதனையையும் சில்லிலேயே ஓட்ட வேண்டும்.

கடைசி இலக்கம் ஆடாமல் இருக்க ஒரு ஃபில்டர் போட்டேன். எல்லோரும் எழுதுவது `avg += (raw - avg) / 8`. வித்தியாசம் 7 படி வரை இருந்தால் வகுத்தல் 0 தரும், சராசரி நகரவே நகராது. 7/16 என்பது 0.4375 டிகிரி, அவ்வளவு தூரம் தள்ளியே நின்றுவிடலாம். இங்கே ஷிஃப்ட் போட்டால் வேறு கூத்து: −1 வித்தியாசத்துக்கும் ஒரு படி இறங்கும், மேலே ஏற மட்டும் 8 படி வித்தியாசம் கேட்கும். சின்னச் சின்ன ஆட்டத்தில் சராசரி, கண்டவற்றிலேயே குறைந்த மதிப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. வெட்டப்படும் மூன்று பிட்டுகளையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டால் சரியாகிறது:

```c
acc += raw - (acc >> 3);
avg = acc >> 3;
```

`acc` என்பது சராசரியின் எட்டு மடங்கு. 125 டிகிரிக்கு 16000, எனவே 16 பிட்டிலேயே அடங்கும். முதல் அளவை எட்டால் பெருக்கி அதில் போட்டுத் தொடங்க வேண்டும். அந்த முதல் அளவு 85 டிகிரி என்று வந்தால் அதைத் தள்ளிவிடுங்கள். மின்சாரம் வந்ததும் சென்சார் பதிவேட்டில் இருக்கும் தொடக்க மதிப்பு அது.

ஃப்ளோட் இருந்தால் இந்த வெட்டுத் தொல்லையே இல்லை என்று நினைக்க வேண்டாம். அறையில் 30.0625 டிகிரியை நொடிக்கொரு தரம் ஒரு ஃப்ளோட்டில் கூட்டிக்கொண்டே போனால், ஏறத்தாழ 19 மணி நேரத்தில் கூட்டுத்தொகை 2097152 ஐத் தாண்டும். அதற்கு மேல் ஃப்ளோட்டின் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 0.25 இடைவெளி. அந்த 0.0625 ஒவ்வொரு முறையும் காணாமல் போகும். 32 பிட் முழு எண்ணில் ஒரு நாள் முழுக்கக் கூட்டினாலும் சுமார் 4.16 கோடிதான், ஒரு படிகூட இழக்காது.

தெர்மிஸ்டர் என்றால் நான் ஃப்ளோட்டுக்கே போவேன். அதில் லாகரிதம் வருகிறது, அட்டவணை கட்ட எனக்குப் பொறுமை இல்லை. அதற்கு கார்டெக்ஸ்-எம்4எஃப் மாதிரி ஃப்ளோட் வன்பொருள் உள்ள சில்லாகப் பார்த்துக்கொள்ளலாம். அங்கேயும் `0.0625` என்று எழுதினால் அது `double`, மென்பொருளில்தான் ஓடும். `0.0625f` என்று எழுத வேண்டும், `log` இடத்தில் `logf`.