அத்தை சொன்னதும், சொல்ல உரிமை இல்லாததும்

குடும்பங்களுக்காக வாழ்க்கை வரலாறு எழுதிக்கொடுப்பது என் தொழில். வெளியாள் என்றால் ஒப்பந்தம் போட்டுக்கொள்வோம், ரெக்கார்டரில் பேசியதை எழுதுவோம், கணக்கு முடிந்துவிடும். கோத்தகிரியில் இருக்கும் என் அத்தையைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இந்த எளிய முறை செல்லவில்லை. ரெக்கார்டர் இல்லாத காலத்திலேயே, அடுப்படியில் பெரியவர்கள் பேசிக்கொண்டதில் பாதி என் காதில் விழுந்திருக்கிறது. அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: மருமகனாகக் கேட்டது எதுவும் புத்தகத்துக்கு ஆகாது, அத்தை இப்போது, தெரிந்தே, மறுபடி சொன்னால் மட்டும்தான்.

அத்தை சிலோனிலிருந்து வந்தவர். 1964 அக்டோபரில் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று தலைகளை எண்ணிப் பிரித்த ஏற்பாடு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் அடுத்தடுத்த காம்பிராக்களில் இருந்த சொந்தங்கள் வேறு வேறு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். அத்தை தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக மலைக்கு வந்தார். அவருடைய அக்கா, என் பெரியத்தை, கணவர் வீட்டாரோடு அங்கேயே தங்கிவிட்டார்.

கஷ்டமான விஷயங்களைக் காலையில்தான் கேட்பேன். ராத்திரியில் கேட்டால் அத்தைக்கு அன்று தூக்கம் போச்சு. தேதியைக் கேட்டு நச்சரிப்பதும் இல்லை, அதற்குக் குடும்ப அட்டையும் பாஸ்போர்ட் முத்திரையும் இருக்கின்றன. சொன்னதை எழுதி, சில நாள் ஆறப்போட்டு, சத்தமாக வாசித்துக் காட்டுவேன். வாசிக்கும்போதுதான் உண்மையான சம்மதம் தெரியும். சொல்லும்போது தன் போக்கில் வந்த வாக்கியத்தை அடுத்தவர் வாயால் கேட்கையில் அத்தை முந்தானையை விரலில் சுற்ற ஆரம்பிப்பார். வாய் "சரி, இருக்கட்டும்" என்று சொன்னாலும் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அடுத்த முறை மறுபடி கேட்பேன். தொடக்கத்தில் வாங்கிய கையெழுத்து இதற்கு ஈடாகாது.

சிக்கல் பெரியத்தையின் கடிதங்களில் வந்தது. ஒரு தகரப் பெட்டி நிறைய ஏர் லெட்டர்கள். அத்தை பெட்டியைத் தூக்கிக் கொடுத்து, "எல்லாத்தையும் போட்டுக்கடா" என்றார். ஆனால் கடிதத்தின் தாள்தான் பெற்றவருடையது. அதிலுள்ள வரிகளின் பதிப்புரிமை எழுதியவருடையது, அவர் இறந்தபின் வாரிசுகளுடையது. பெரியத்தை இப்போது உயிரோடு இல்லை, அவர் மகள் இலங்கையில் ஹட்டனில் இருக்கிறார். அனுமதி கேட்க வேண்டுமானால் கடிதங்களைக் காட்ட வேண்டும். அவற்றில் இரண்டிலோ அந்த மகளின் பிறப்பைப் பற்றி, அவருக்கே தெரியாத ஒரு செய்தி இருந்தது. என்ன செய்தி என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

பேரை மாற்றினால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஊருக்கு மறைக்கலாம். குடும்பத்துக்குள் "அக்காவின் மகள்" என்றாலே யாரென்று தெரிந்துவிடும், இந்தப் புத்தகத்தை வாசிக்கப்போவதும் குடும்பம்தான். 1994-ல் ஆர். ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை போன்றவற்றைப் பற்றி அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்றது. பொது ஆவணங்களில் இருப்பதற்கு விலக்கு உண்டு, ஏர் லெட்டர் பொது ஆவணம் இல்லை. கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அத்தையிடம் நேராகவே சொன்னேன்: "இது உங்க கதை மட்டும் இல்ல அத்தே. அவங்களுக்குத் தெரியணும்னா நீங்கதான் சொல்லணும், புத்தகம் சொல்லக் கூடாது." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் சாகுறதுக்குள்ள நானே சொல்றேன். நீ எழுதாத" என்றார்.

ஆனால் கடிதங்களில் இருந்த அந்தச் செய்திக்குப் பிறகு அக்கா தங்கைக்குள் சில வருஷம் கடிதமே இல்லை. அத்தை வாழ்க்கையில் அது பெரிய காலம், விட முடியாது. தபால் தாமதம் என்று ஒரு காரணத்தை ஒட்டவைக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. விடுவது எழுதுபவனின் உரிமை, பொய்யை நிரப்புவது இல்லை. "அந்த ஆண்டுகளில் கடிதம் வரவில்லை. காரணத்தைச் சொல்ல அத்தை விரும்பவில்லை" என்று எழுதினேன். அத்தை கேட்டுவிட்டு, இரண்டாவது வாக்கியம் ஆவலைத் தூண்டும் என்று அதையும் அடிக்கச் சொன்னார். எழுத்தாளனாக எனக்கு இன்னும் அதில் வருத்தம் உண்டு. அடித்துவிட்டேன்.

கடிதங்கள் எதுவும் அச்சில் வரவில்லை. பெட்டி அத்தையிடமே இருக்கிறது, ஹட்டனுக்குப் போக வேண்டியது என்று மேலே அவர் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார். அந்தக் காலைப் பேச்சின் ஒலிப்பதிவை அவர் முன்னாலேயே போனிலிருந்து அழித்தேன். கூகுள் டிரைவில் தானாக ஏறியிருந்த பிரதியையும், அதன் குப்பைத்தொட்டியையும் சேர்த்து. தட்டச்சுக்காக நண்பருக்கு அனுப்பியவற்றில் அந்தக் கோப்பு இல்லை, அதையும் திறந்து காட்டிய பிறகுதான் அத்தை அடுத்த அத்தியாயத்துக்கு உட்கார்ந்தார்.