2.01 என்று வந்த எண்

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஒரு டிரைவ் ஷாஃப்ட்டின் கணக்கை முதன்முறையாகத் தனியாகச் செய்து முடித்து, ஸ்ப்ரெட்ஷீட்டை அச்செடுத்து எங்கள் சீனியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசிக் கட்டத்தில் சேஃப்டி ஃபேக்டர் 2.01. எங்களுக்குக் கேட்கப்பட்டது 2. இதைவிடக் கச்சிதமாக ஒரு ஷாஃப்ட்டைப் போட முடியாது என்றுதான் அப்போது நினைத்தேன்.

அமைப்பு எளிமையானது. இரண்டு பேரிங்குகளில் சுழலும் திட ஷாஃப்ட், ஒரு முனையில் பேரிங்குக்கு வெளியே தொங்கும் பெல்ட் புல்லி. பெல்ட்டின் மொத்த இழுப்பு 4000 நியூட்டன். புல்லியின் மையத்திலிருந்து பேரிங்கின் மையம் 150 மில்லிமீட்டர். ஆக, பேரிங் உட்காரும் இடத்தில் பெண்டிங் மொமென்ட் 600 நியூட்டன் மீட்டர். அதே இடத்தைக் கடந்து போகும் டார்க் 900 நியூட்டன் மீட்டர். இரண்டுமே ஸ்டார்ட் ஆகும்போது வரும் உச்ச மதிப்புகள். அந்த இடத்தில் சாவிப்பள்ளம் கிடையாது, ஷாஃப்ட்டின் விட்டம் 40 மில்லிமீட்டர். எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் ஸ்ட்ரெஸ்தான் யீல்டு. இந்த எஃகுக்கு விவரக்குறிப்பு உறுதி தரும் குறைந்தபட்ச யீல்டு 300 மெகாபாஸ்கல்.

மேற்பரப்பில் பெண்டிங்கால் வரும் ஸ்ட்ரெஸ் 95.5, டார்க்கால் வரும் ஷியர் 71.6. இவற்றை மோர் வட்டத்தில் போட்டால் அதிகபட்ச ஷியர் 86.1 மெகாபாஸ்கல். இதுவரை ஒரு தவறும் இல்லை. அடுத்து, இந்த ஷியரை எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வி. ஷியரில் யீல்டு என்பது இழுவை யீல்டில் 0.577 பங்கு என்று நினைவிருந்தது. 300 × 0.577 = 173. அதை 86.1 ஆல் வகுத்தேன். 2.01 வந்தது.

சீனியர் தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தம்பி, டார்க்கை எடுத்துட்டு, பெண்டிங் ஸ்ட்ரெஸ்ஸ மட்டும் 300-ன்னு வெச்சுப் பாருங்க. என்ன வருது?”

“சார், அப்ப ஃபேக்டர் 1 வரணும்.”

“வரணும்தான். வருதான்னு பாருங்க.”

வந்தது 1.155. யீல்டு 300 என்று நானே உள்ளிட்ட எஃகு, 300-ல் இழுக்கப்படும்போது இன்னும் பதினைந்து சதவீதம் தாங்கும் என்று என் ஸ்ப்ரெட்ஷீட் சொல்லிக்கொண்டிருந்தது. எந்தச் சோதனையிலிருந்து அந்த 300 வந்ததோ, அந்தச் சோதனையையே அது மறுத்தது.

தாளை மேசையில் வைத்துக்கொண்டு, எங்கே பிசகியது என்று அவரே காட்டினார். 86.1 என்பது அதிகபட்ச ஷியர் கோட்பாட்டுக்கு, அதாவது டிரெஸ்காவுக்குச் சொந்தமான எண். அந்தக் கோட்பாட்டில் ஷியர் யீல்டு சரியாகப் பாதி, 150. 0.577 என்பது உருக்குலைவு ஆற்றல் கோட்பாட்டிலிருந்து, அதாவது வான் மிசஸிடமிருந்து வருவது. நான் ஒன்றிலிருந்து தேவையையும் இன்னொன்றிலிருந்து தாங்குதிறனையும் எடுத்துச் சேர்த்திருந்தேன். இரண்டையும் அதனதன் வழியில் போட்டால் இப்படி வரும்:

```
டிரெஸ்கா : √(σ² + 4τ²) = 172.2    n = 300 / 172.2 = 1.74
மிசஸ்    : √(σ² + 3τ²) = 156.5    n = 300 / 156.5 = 1.92
கலந்தது  : 173.2 / 86.1            n = 2.01
```

இரண்டு கோட்பாடுகளில் எதுவுமே 2 கொடுக்கவில்லை. இரண்டையும் கலந்த என் கணக்கு மட்டும் கொடுத்தது. கலப்பதால் சராசரி மாதிரி நடுவில் ஏதோ வரும் என்று தோன்றலாம். அப்படி வராது, இரண்டையும் தாண்டி மேலே போய் நிற்கும்.

எனக்கு இன்னொன்றும் அன்றுதான் புரிந்தது. நான் சரிபார்க்காமல் கொடுக்கவில்லை. பெண்டிங்கைப் பூஜ்யமாக்கி வெறும் டார்க்கை மட்டும் போட்டுப் பார்த்திருந்தேன், விடை புத்தகத்தோடு பொருந்தியது. வெறும் முறுக்கில் இந்தக் கலவை மிசஸோடு அப்படியே ஒத்துப்போகும், அதனால் தப்பு தெரியாது. பெண்டிங் சேரச்சேரத்தான் பிழை வளர்கிறது.

இந்த இரண்டு கோட்பாடுகளும் எதில் பிரிகின்றன என்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். ஒரு எஃகுத் துண்டை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுத்தினால் அது கொஞ்சம் சுருங்கும், ஆனால் யீல்டு ஆகாது. யீல்டு என்பது உலோகத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது. அதற்கு வடிவம் மாற வேண்டும், பருமன் மாறினால் போதாது. இதில் இரண்டு கோட்பாடுகளும் ஒத்துப்போகின்றன. டிரெஸ்கா மிகப் பெரிய முதன்மை ஸ்ட்ரெஸ்ஸுக்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது. நடுவில் இருப்பது எதுவானாலும் அதற்குக் கவலையில்லை. மிசஸ் மூன்று வித்தியாசங்களையும் கணக்கில் எடுத்து, வடிவ மாற்றத்தில் சேர்ந்த மொத்த ஆற்றலைப் பார்க்கிறது. வெறும் இழுவையில் இரண்டும் ஒரே விடை. வெறும் முறுக்கில் வித்தியாசம் உச்சம்: 0.5-க்கும் 0.577-க்கும் உள்ள இடைவெளி, 15.5 சதவீதம். பெண்டிங்கும் டார்க்கும் கலந்த ஷாஃப்ட் இடையில் எங்கோ நிற்கும். எங்களுடையதில் அது 10 சதவீதம்.

சோதனை எந்தப் பக்கம் என்றால், மிசஸ் பக்கம்தான். 1931-ல் டெய்லரும் குவின்னியும் செம்பு, அலுமினியம், மென் எஃகுக் குழாய்களை ஒரே சமயத்தில் இழுத்தும் முறுக்கியும் பார்த்தார்கள். புள்ளிகள் மிசஸின் வளைகோட்டுக்குத்தான் நெருக்கமாக விழுந்தன. டிரெஸ்காவின் எல்லைக்கோடு மிசஸின் எல்லைக்கு உள்ளேயே அடங்கிவிடும். அதனால் டிரெஸ்கா சொல்வது கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கையான பதில், தவறான பதில் அல்ல.

அப்படியென்றால் மிசஸை எடுத்துக்கொண்டு 1.92-ஐ எப்படியாவது 2 ஆக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. ஒரு வழியும் கையில் இருந்தது. வந்திருந்த கம்பியின் சோதனைச் சான்றிதழில் யீல்டு 335 என்று இருந்தது. 335-ஐ 156.5 ஆல் வகுத்தால் 2.14. சீனியரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு காரணங்களுக்காக.

முதலாவது, சான்றிதழில் இருப்பது அந்த ஒரு முறை உருக்கிய எஃகிலிருந்து வெட்டிய சோதனைத் துண்டின் எண். வரைபடத்தில் நாம் எழுதப்போவது எஃகின் தரத்தை மட்டும்தான். அடுத்த முறை வரும் கம்பி 302-ல் யீல்டு ஆனாலும் அது விவரக்குறிப்புக்குள்தான் இருக்கும். அதைத் திருப்பி அனுப்ப நமக்கு வாய்ப்பே இல்லை.

இரண்டாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. “இந்த 2-ஐ யார் போட்டாங்க, எதை மனசுல வெச்சுப் போட்டாங்கன்னு பாருங்க” என்று எங்கள் வடிவமைப்பு ஆவணத்தை எடுத்து வைத்தார். அது பழைய ஆவணம், அதிகபட்ச ஷியர் கோட்பாட்டை வைத்து எழுதப்பட்டது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் 1927 ஷாஃப்ட் விதிகளும் அப்படித்தான், ஷியரை வைத்துத்தான் அனுமதி அளவைச் சொல்லின. அந்த வழியில் 2 கேட்டவர், டிரெஸ்காவுக்குள் ஒளிந்திருக்கும் கூடுதல் இருப்பையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறார். கோட்பாட்டை மட்டும் மாற்றிவிட்டு 2-ஐ அப்படியே வைத்தால், எங்கள் ஷாஃப்ட்டில் அந்த 2 பழைய கணக்குப்படி 1.82 ஆகிவிடும். மிசஸுக்கு மாறுவது தப்பில்லை. ஆனால் ஃபேக்டர் எவ்வளவு என்பதையும் அப்போது புதிதாகப் பேசி முடிவு செய்ய வேண்டும், பேசாமல் மாற்றக் கூடாது.

பிறகு விட்டத்தைத் திருப்பிக் கணக்கிட்டோம். ஸ்ட்ரெஸ் விட்டத்தின் கனத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், கோட்பாடுகளின் வித்தியாசம் விட்டத்துக்கு வரும்போது மிகவும் சுருங்கிவிடுகிறது. ஃபேக்டர் 2 வர மிசஸுக்கு 40.6 மில்லிமீட்டர் போதும், டிரெஸ்காவுக்கு 41.9 வேண்டும். இடையில் 1.3 மில்லிமீட்டர். முறுக்கு மட்டும் இருக்கும் மோசமான நிலையிலும் இந்த இடைவெளி ஐந்து சதவீதத்தைத் தாண்டாது. அந்த இடத்தில் உட்காருவது பேரிங். பேரிங் துளை 40-க்கு அடுத்து 45. எந்தக் கோட்பாட்டை எடுத்தாலும் 45-க்குத்தான் போக வேண்டும். ஹவுசிங் இன்னும் போரிங்குக்குப் போகவில்லை, அதனால் 6208 பேரிங்கை 6209 ஆக்கி, ஹவுசிங் துளையை 80-லிருந்து 85 ஆக்கினோம். 45-ல் டிரெஸ்கா 2.48, மிசஸ் 2.73. அத்தனை நேர வாதத்தையும் பேரிங் அட்டவணையின் ஒரு படி முடித்து வைத்தது.

இது முதல் சுற்றிலேயே யீல்டு ஆகுமா என்பதற்கான கணக்கு மட்டும். சுழலும் ஷாஃப்ட்டில் பெல்ட் இழுப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஸ்ட்ரெஸ்ஸைத் திருப்பிப் போடும். இப்படித் திரும்பத் திரும்ப மாறும் ஸ்ட்ரெஸ்ஸால் வரும் ஃபெடீக்கைத் தனியாகப் பார்த்தோம். பேரிங்குக்குப் பக்கத்துப் படியின் ஆரத்தை அதுதான் முடிவு செய்தது.

சில வருடம் கழித்து, உள்ளே எண்ணெய் அழுத்தத்தோடு சுழலும் ஒரு குழாய் ஷாஃப்ட் வந்தது. பழைய ஸ்ப்ரெட்ஷீட்டை ஒரு இளைஞர் அப்படியே அதற்கும் பயன்படுத்தியிருந்தார். டார்க் மிகக் குறைவான ஒரு நிலையில், வெளிப்பரப்பில் சுற்றுவாட்டு ஸ்ட்ரெஸ் 100, நீளவாட்டில் 80, இரண்டுமே இழுவை. மோர் வட்டத்திலிருந்து அதிகபட்ச ஷியர் 10 என்று எடுத்திருந்தார், சமான ஸ்ட்ரெஸ் 20. அன்று எனக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. பெண்டிங்கும் டார்க்கும் மட்டும் இருக்கும் ஷாஃப்ட்டில் முதன்மை ஸ்ட்ரெஸ் ஒன்று இழுவை, ஒன்று அழுத்தம் என்றுதான் வரும், எங்களுடையதில் 133.8, மைனஸ் 38.3. மேற்பரப்புக்குச் செங்குத்தான மூன்றாவது திசையின் பூஜ்யம் இவற்றுக்கு நடுவில் அடங்கிவிடும், அதை மறந்தாலும் பாதகமில்லை. இரண்டும் இழுவை என்றால் பூஜ்யம் கடைசிக்குப் போய்விடும். வித்தியாசம் 100-க்கும் 80-க்கும் இடையில் இல்லை, 100-க்கும் பூஜ்யத்துக்கும் இடையில். டிரெஸ்கா 100, மிசஸ் 91.7. அவர் எடுத்ததோ 20.

அவரையும் அதே ஷீட்டில் டார்க்கை எடுத்துவிட்டு, இரண்டு திசையிலும் 300 போட்டுப் பார்க்கச் சொன்னேன். அதிகபட்ச ஷியர் பூஜ்யம், ஃபேக்டர் கட்டத்தில் பிழைச் செய்தி. இரண்டு கோட்பாடுகளும் அங்கே சரியாக 1 சொல்ல வேண்டும். இப்போது எங்கள் ஷீட்டின் மேலே மூன்று வரிசைகள் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன: வெறும் இழுவை, வெறும் முறுக்கு, இரண்டு திசை இழுவை. முதலாவதும் மூன்றாவதும் 1 காட்ட வேண்டும். முறுக்கில் ஷியரை 150 என்று வைத்தால் டிரெஸ்கா 1, மிசஸ் 1.155. இந்த எண்கள் வரவில்லை என்றால் கீழே உள்ள கட்டங்கள் கணக்கிடாது.