ஒரு கண்ணில் மட்டும் கட்டி: RB1 பரிசோதனையைக் கட்டியிலிருந்து தொடங்குவது ஏன்

ஒன்றரை வயசுக் குழந்தை. செல்போன் ஃபிளாஷில் எடுத்த படத்தில் இடது கண்பாப்பா மட்டும் பூனைக்கண் போல வெள்ளையாகத் தெரிகிறது. மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தால் விழித்திரையில் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி. கட்டி கண்ணை நிறைத்துவிட்டதால் கண்ணை எடுத்தாக வேண்டும். வலது கண்ணில் எதுவும் இல்லை. அன்றைக்கே பெற்றோர் கேட்கும் கேள்வி அநேகமாக இதுதான்: "எங்க ரெண்டு பேர் வீட்லயும் யாருக்கும் இது வந்ததில்லையே டாக்டர், அப்ப பரம்பரை இல்லதானே?"

குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்தக் கட்டிக்குக் காரணமான RB1 மரபணுவில் பிறவியிலேயே பிறழ்வோடு வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது புதிதாக ஏற்பட்டதாகத்தான் இருக்கிறது. இரண்டு கண்ணிலும் கட்டி என்றால் பிறவிப் பிறழ்வு என்றே எடுத்துக்கொள்கிறோம். ஒரு கண் மட்டும் என்றாலும் ஏறக்குறைய நூற்றில் 15 பேருக்கு அது இருக்கும். அந்தப் பதினைந்தில் இந்தக் குழந்தை உண்டா என்று கண்டுபிடிக்கும் வழியை இங்கே சொல்கிறோம்.

1971-இல் ஆல்ஃபிரட் நட்ஸன், ஹூஸ்டன் மருத்துவமனை ஒன்றில் பார்த்த 48 குழந்தைகளின் வயசை மட்டும் வைத்து ஒரு கணக்குப் போட்டார். இரண்டு கண்ணிலும் கட்டி வந்தவர்களுக்கு நோய் தெரிந்த வேகம், மரபணுவில் ஒரே ஒரு விபத்து, அதாவது ஒரு அடி, நடந்தால் போதும் என்ற கணக்கோடு பொருந்தியது. ஒரு கண் மட்டும் என்றால் இரண்டு விபத்துகள் தேவைப்பட்டன. முதல் அடி பிறக்கும்போதே எல்லாச் செல்லிலும் விழுந்திருந்தால், மிச்சம் இருப்பது இரண்டாவது அடி மட்டும்தான். ஒரு செல்லில் அது விழும் வாய்ப்பு மிகச் சிறியது. ஆனால் வளரும் விழித்திரையில் பிரியும் செல்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அதனால்தான் பிறழ்வோடு பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு மேல் கட்டி வருகிறது, அதுவும் பல இடத்தில் வருகிறது. செல்லுக்குள் மரபணுவின் இரண்டு பிரதியும் போனால்தான் நோய். குடும்பத்திலோ தலைமுறை தவறாமல் பாதிப் பேருக்குப் போகக்கூடிய நோய். இந்த முரணைப் பெற்றோருக்கு நிதானமாகச் சொல்லிவிட்டால், பின்னால் வரும் ரிப்போர்ட் அவர்களுக்கும் புரியும்.

அந்த இரண்டு பிரதி 13-ஆம் குரோமோசோமில் உள்ள RB1 மரபணுவுடையது. அதன் புரதம், செல் பிரிவதற்கான உத்தரவைத் தரும் E2F-ஐப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு பிரதி கெட்டாலும் மற்றது போதுமான புரதத்தைச் செய்துவிடும். புற்று அடக்கி மரபணு என்பது இந்த வகை. புற்றைத் தூண்டும் ஆன்கோஜீன் வேறு: ஒரு பிரதி மாறினாலே அது ஓயாமல் வேலை செய்யும், பக்கத்தில் இருக்கும் நல்ல பிரதியால் அதைத் தடுக்க முடியாது.

இனி சாம்பிள். நேராக ரத்தத்தைப் பார்த்தால் என்ன என்று கேட்பார்கள். RB1-இல் புரதத்துக்கான குறிப்பு 27 துண்டுகளாக, அதாவது 27 எக்ஸானாக, இருக்கிறது. பிறழ்வு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் ரத்தத்தில் தேடி "இல்லை" என்று வந்தால், உண்மையிலேயே இல்லையா, கண்ணில் படவில்லையா என்ற சந்தேகம் மிஞ்சும். கட்டியிலோ இரண்டு அடியும் அநேகமாக எப்போதும் இருக்கும். முதலில் அங்கே பிடித்துவிட்டு, அதே மாற்றத்தை ரத்தத்தில் தேட வேண்டும்.

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. எடுத்த கண்ணை அப்படியே ஃபார்மலினில் போட்டுவிடுவார்கள். ஃபார்மலினில் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும். ஒற்றை எழுத்து மாற்றம் ஒருவேளை கிடைக்கும், எக்ஸான் எக்ஸானாகக் காணாமல் போனது சரியாகத் தெரியாது. ஆகவே ஆபரேஷனுக்கு முந்தின நாளே நோயியல் மருத்துவரிடம் பேசி வைக்க வேண்டும். பார்வை நரம்பின் வெட்டு நுனியை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பிறகு கண்ணைத் திறந்து சின்னச் சின்னத் துண்டுகளாகக் கட்டியை எடுத்து உடனே உறைய வைக்க வேண்டும். வரிசை மாறினால் கட்டிச் செல்கள் நரம்பின் மேல் ஒட்டி, நோய் நரம்பு வரை பரவிவிட்டது போலத் தப்பாகத் தோன்றும். ரத்தம் ஊதா மூடி டியூபில் 2 முதல் 3 மில்லி போதும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் படிவத்தில் எழுதிவிடுங்கள்.

நாம் எடுத்துக்கொண்ட குழந்தையின் கட்டி ரிப்போர்ட் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

RB1 c.958C>T, p.Arg320*, 92%

10-ஆவது எக்ஸானில் ஒரு எழுத்து மாறி, புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. இந்த இடத்தில் பிறழ்வு பலருக்கும் திரும்பத் திரும்ப வருவதுண்டு. கவனிக்க வேண்டியது 92: அந்த இடத்தில் படித்த பிரதிகளில் மாற்றம் உள்ளவை நூற்றுக்கு இத்தனை. இரண்டு பிரதியில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் 50-ஐ ஒட்டி வரும். 92 என்றால் நல்ல பிரதி போய்விட்டது, கெட்டது மட்டும் நிற்கிறது. மிச்சம் எட்டு, சாம்பிளில் கலந்த சாதாரணச் செல்களுடையது. இரண்டு அடியும் அந்த ஒரே எண்ணில் தெரிகிறது.

எப்போதாவது இரண்டு பிரதியும் நன்றாக இருக்க, MYCN என்ற ஆன்கோஜீன் மட்டும் பல மடங்கு பெருகியிருக்கும். ஒரு கண் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு அப்படி. பெரும்பாலும் ஆறு மாதம்கூட ஆகாத குழந்தைகள், கட்டியும் வேகமாக வளரும். அங்கே பரம்பரைக் கேள்விக்கு இடமில்லை.

இப்போது ரத்தம். டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சாங்கர் முறையில் பார்த்தால் "இல்லை" என்று வருகிறது. அதோடு நிறுத்திவிடக் கூடாது. சில செல்களில் மட்டும் பிறழ்வு இருந்தால் சாங்கர் வரைபடத்தில் அந்தச் சிறு முகடு இரைச்சலோடு கலந்துவிடும். எந்த எழுத்து என்று தெரிந்துவிட்டதால், அந்த ஓரிடத்தை மட்டும் ஆயிரக்கணக்கான தடவை படிக்கச் சொல்லலாம். படித்தால் 6% வருகிறது. ஒரு செல்லில் இரண்டு பிரதியில் ஒன்று மாறியிருக்கிறது என்பதால், ரத்தச் செல்களில் ஏறக்குறைய 12%-இல் பிறழ்வு. இதற்கு மொசைக் என்று பெயர். கருத்தரித்த பிறகு, வளரும்போது நடந்தது.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது இதிலிருந்தே வருகிறது. அவர்களிடமிருந்து வரவில்லை, ஆகவே அண்ணன் தம்பி அக்கா தங்கைக்குப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் வலது விழித்திரையில் எத்தனை செல்லில் இருக்கிறது என்பதை ரத்தத்தின் 12 சொல்லாது, அதனால் அந்தக் கண்ணைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். பின்னாளில் எலும்புப் புற்று போன்றவை வரும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல், கதிர்வீச்சு அதை இன்னும் கூட்டும்.

ரத்தத்தில் 50 வந்திருந்தால் கதை வேறு. பெற்றோர் இருவரின் ரத்தமும் பார்க்க வேண்டும், அவர்களுடைய விழித்திரையில் தானாக அடங்கிப்போன பழைய தழும்பு ஏதும் உண்டா என்றும் பார்க்க வேண்டும். இருவருக்கும் இல்லை என்று வந்தாலும் உடன்பிறப்புகளைச் சோதித்தே ஆக வேண்டும். விந்திலோ முட்டையிலோ மட்டும் பிறழ்வு ஒளிந்திருக்கலாம், ரத்தத்தில் தெரியாது. கட்டி சாம்பிளே கிடைக்காத குழந்தைக்கு ரத்தம் "இல்லை" என்று வந்தால், சின்ன மொசைக் ஒதுங்கியிருக்கும் வாய்ப்பு இருப்பதால் கண் பரிசோதனையை நிறுத்துவதில்லை.

c.958C>T என்ற வரி உள்ள ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறோம். அந்தக் குழந்தை வளர்ந்து பிள்ளை பெறும்போது அதன் பிள்ளைக்குப் பாதி வரை வாய்ப்பு உண்டு. அப்போது 27 எக்ஸானையும் படிக்க வேண்டாம். தொப்புள்கொடி ரத்தத்தில் இந்த ஒரு எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இருந்தால், பிறந்த முதல் வாரங்களிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்க்கத் தொடங்க வேண்டும்.