44 பேரு, 40 தலை

சென்னை கார்ப்பரேஷன் எல்லைக்குள்ள நூறுநாள் வேலை கிடையாது. அதனால திருவொத்தியூர்ல எங்க தெருவுல நான் சமூக தணிக்கைல இருந்தேன்னு சொன்னா "ஆடிட்டரா நீங்க?"ன்னுதான் கேப்பாங்க. கும்மிடிப்பூண்டி ட்ரெயின் ஏறி எண்ணூர் ஆத்தைத் தாண்டிட்டா ஊராட்சிங்க ஆரம்பிச்சிடும், எங்க வேலை அங்கதான். நூறுநாள் வேலைக்கான 2005 சட்டத்துலயே 17ஆவது பிரிவுல இருக்கு, நடந்த வேலையை கிராம சபையே தணிக்கை பண்ணணும்னு. அதுக்கு முன்னாடி நாங்க சில நாள் ஊர்லயே இருந்து ஹாஜர் போடுற என்.எம்.ஆர், வேலையை அளந்து எழுதுற எம்-புக், ஜாப் கார்டு எல்லாத்தையும் வாங்கி வச்சிக்கிட்டு வீடு வீடா போய் சரிபார்க்கணும். எங்ககூட வர்ற கிராமப் பயிற்றுநர்கள் பக்கத்து ஊராட்சிக்காரங்களா இருப்பாங்க, சொந்த ஊரை யாரும் தணிக்கை பண்ணக்கூடாது.

நான் சொல்ல வர்றது ஒரு வரத்து வாய்க்கால் தூர்வார்ற வேலை, அதுல ஒரே ஒரு வாரம். ஊர் பேர் வேணாம். எல்லா ஷீட்டையும் சேர்த்தா 44 பேர், ஆறு நாள், ஒரு ஆப்சென்ட் கூட இல்ல. அந்த என்.எம்.ஆரைப் பார்த்த உடனே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு, ஏன்னா 44 பேர்ல ஆறு நாள்ல ஒருத்தருக்குக் கூட காய்ச்சல் வரல, ஒரு சாவு வீடு இல்ல, ஒரு ஆஸ்பத்திரி இல்லன்னா அந்த ஹாஜரை சைட்டுல நின்னு போடல, உக்காந்து போட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

ஊர்ல போய் "இவங்க வேலைக்கு வந்தாங்களா?"ன்னு கேட்டா ஆமாம்னுதான் பதில் வரும். பணித்தளப் பொறுப்பாளர் அதே ஊர்க்காரர், யாருக்காவது மாமாவா மச்சானா இருப்பாரு, யார் பகைச்சிக்குவாங்க? "நீங்க எத்தனை நாள் போனீங்க?"ன்னு கேட்டாலும் நாலு மாசம் முன்னாடி நடந்ததை யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால நாங்க வேற மாதிரி கேப்போம். வாய்க்கால்ல உங்களுக்கு எந்த இடம் அளந்து விட்டாங்க, பக்கத்துல யார் மண்வெட்டி போட்டா, யார் பாண்டு தூக்கினா, சோறு யார்கூட உக்காந்து சாப்ட்டீங்க. இது யாருக்கும் மறக்காது. காலனில தனியா, ஊர்த்தெருவுல தனியா கேட்டு, சொன்ன பேரையெல்லாம் என்.எம்.ஆர்ல டிக் பண்ணிக்கிட்டே வந்தோம், கடைசில யார் வாய்லயும் வராத பேர் அஞ்சு மிச்சம் இருந்துச்சு.

அடுத்து போட்டோ. 2023 ஜனவரிலருந்து ஹாஜருக்கான என்.எம்.எம்.எஸ் ஆப்ல காலைல ஒண்ணு மத்தியானம் ஒண்ணுன்னு ஜியோடேக்கோட போட்டோ ஏத்துறது கட்டாயம் ஆச்சு. இதையும் ஏமாத்துவாங்க, பழைய போட்டோவையே மறுபடி போட்டோ எடுத்து ஏத்துவாங்க, ஸ்க்ரீனோட விளிம்பு ஓரத்துல தெரியும், இல்லன்னா ரெண்டு நாள் போட்டோவுல எல்லாரும் அதே சேலைல இருப்பாங்க. இங்க போட்டோ ஒழுங்காதான் இருந்துச்சு. பெரிசு பண்ணி தலையை எண்ணினோம், எந்த நாளும் 40-ஐத் தாண்டல.

ஊர் சொல்லாத பேர் அஞ்சு, போட்டோவுல குறையுற தலை நாலு. அந்த ஒண்ணு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு, ஏன்னா அஞ்சு பேருமே பொய்னா தலை 39தான் இருக்கணும், அப்போ ஒருத்தங்க நிஜமாவே வெயில்ல நின்னு மண்ணு தூக்கியிருக்காங்க, என்.எம்.ஆர்ல அவங்க பேர் இல்ல.

அஞ்சு பேர்ல நாலு பேர் கம்பெனி வேலைக்குப் போறவங்க, வேனு வந்து ஏத்திக்கிட்டுப் போகுது, வாய்க்கால் பக்கமே வந்ததில்ல. அஞ்சாவது பேருக்கு உரிய பொண்ணு கல்யாணம் ஆகி எர்ணாவூர்ல இருக்குன்னு சொன்னாங்க, எங்க வீட்டுலருந்து பக்கம்தான். அன்னைக்கு சாயங்காலமே போய் பார்த்தேன். ஒளிக்கணும்னு அந்தப் பொண்ணுக்குத் தோணவே இல்ல. "அண்ணிதான்க்கா என் பேர்ல போவுது, அதுக்கு கார்டுல பேர் ஏத்தவே இல்ல, ஆதார்ல அவங்க அம்மா வீட்டு அட்ரஸ்தான் கீது, ரெண்டு தபா எழுதிக் குடுத்துச்சு, அப்புறம் பாக்கலாம்னு அனுப்பிட்டாங்க." போனை எடுத்து ஜிபேயைக் காட்டுச்சு. கூலி இவங்க அக்கவுண்ட்ல ஏறின அன்னைக்கே 1,680 ரூபா அண்ணிக்குப் போயிருக்கு, ஒரு ரூபா குறையல. அதுக்குக் கீழ "நூர்நாள்"னு எழுதி வச்சிருந்துச்சு. என்.எம்.ஆர்லயும் அவங்களுக்கு நேரா அதே 1,680தான், நாளைக்கு 280 வீதம் ஆறு நாள்.

இந்த 280-ஐ கிராம சபைல விளக்கினதுதான் எல்லாத்தையும் மாத்துச்சு. 2024-25ல தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச கூலி 319 ரூபா, ஆனா அது முழுசா கைக்கு வராது, வெட்டின மண்ணை அளந்து எம்-புக்ல ஏத்தி அந்த மொத்தத்தை என்.எம்.ஆர்ல இருக்கிற பேருக்கெல்லாம் பிரிப்பாங்க. மொத்தம் 73,920 ரூபா. 44 பேருக்குப் பிரிச்சா நாளைக்கு 280. வந்தது 40 பேர்தான், அவங்களுக்கு மட்டும் பிரிச்சிருந்தா 308. ஒவ்வொருத்தருக்கும் நாளைக்கு 28, வாரத்துக்கு 168 ரூபா போயிருக்கு. அதுவரைக்கும் "போனா போவுது, கவர்மெண்ட்டு காசுதான"ன்னு உக்காந்திருந்தவங்க அப்பதான் நிமிர்ந்தாங்க. சபைக்குத் தலைவரா ஊராட்சி சார்பு இல்லாத ஒரு பெரியவரைத்தான் உக்கார வச்சிருந்தோம், அவர் "பேரைப் படிம்மா"ன்னாரு. அப்பா பேர், புருஷன் பேரோட சேர்த்து ஒவ்வொண்ணா படிச்சேன், ஒரே பேர்ல மூணு பேர் இருப்பாங்க, அப்படிப் படிக்கலன்னா "அது நான் இல்ல அவ"ன்னு நழுவிடும். அந்த நாலு பேர் வந்தப்போ ஒரு ஆயா எழுந்து "வாய்க்கா ஓரத்துல இவங்க நெழலைக் கூட நான் பாக்கல"ன்னுச்சு. அதுக்கப்புறம் யாரையும் கேக்க வேண்டியதில்ல, ஆளாளுக்கு சொன்னாங்க. வீட்டுல வச்சு கேட்டப்போ வாய் தொறக்காதவங்ககூட பேசினாங்க.

அஞ்சாவது பேரைப் படிக்கும்போது அந்த அண்ணி, அந்த வீட்டு மருமகப் பொண்ணு, கும்பல்ல தலையைக் குனிஞ்சிக்கிச்சு. நான் முன்னாடி நாளே அவங்க வீட்டுக்குப் போய் சொல்லிட்டுதான் வந்திருந்தேன், மறைக்க முடியாது, ஆனா முழுசா சொல்லலாம்னு. பக்கத்துல பாண்டு தூக்கினவங்க ரெண்டு பேர் எழுந்து "இவதான் தெனம் வந்தா, நாங்க சாட்சி"ன்னாங்க, அதையும் தீர்மானத்துல எழுத வச்சோம்.

என் கருத்து இதுதான். எங்க ஃபார்மேட்ல ரெண்டுமே ஒரே தலைப்புல விழுது, வேலைக்கு வராதவங்க பேர்ல கூலி. அது ரொம்பத் தப்பு. நாலு பேர் விஷயத்துல வேலையே நடக்கல, மத்தவங்க கூலில பங்கு போயிருக்கு. அஞ்சாவதுல வேலை நடந்திருக்கு, கூலி உழைச்சவங்களுக்கே போயிருக்கு, கார்டுல பேர் ஏத்தாத ஆபீஸ்தான் அந்தப் பொண்ணை அப்படி ஆக்கி வச்சிருக்கு. நான் ரெண்டையும் தனித்தனி பத்தியா எழுதி, அஞ்சாவதோட ஜிபே விவரத்தையும் சாட்சிங்க கையெழுத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

மாவட்ட உயர்மட்டக் குழுவுல நாலு பேருக்கும் சேர்த்து 6,720 ரூபாயைப் பணித்தளப் பொறுப்பாளர்கிட்ட வசூல் பண்ண சொன்னாங்க, அவரை மாத்தினாங்க. ஆனா அந்த 40 பேருக்கு வாரத்துக்கு 168 குறைஞ்சதே, அது திரும்ப வரல, வசூல் பண்ற பணம் அரசாங்கக் கணக்குக்குதான் போகும். அஞ்சாவதுல வசூல் வேணாம், பேரைச் சேர்க்கணும்னு எழுதினாங்க. அந்தப் பொண்ணு மறுபடி மனு குடுக்கப் போனப்போ தேதி போட்ட ரசீது வாங்காம திரும்ப வேணாம்னு போன்ல சொன்னேன். வாங்கிக்கிட்டு அதைப் போட்டோ எடுத்து அனுப்புச்சு. கார்டுல பேர் ஏற மேல ரெண்டு மாசம் ஆச்சு, அந்த ரெண்டு மாசமும் அதுக்கு வேலை இல்ல.