காட்பாடியில் எங்கள் பல் மருத்துவமனையின் புதிய கிளை

வரும் திங்கள்கிழமை முதல் காட்பாடியிலும் பல் பார்க்கிறோம். குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கம் இருப்பவர்கள் இனி பாலாறு தாண்டி வேலூர் டவுனுக்கு வர வேண்டியதில்லை.

அதிகம் பேர் பயப்படுவது வேர் சிகிச்சைக்குத்தான். சூடான டீ குடித்து முடித்த பிறகும் கடைவாய்ப்பல்லில் வலி நிற்காமல் தெறிக்கிறது, ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறது என்றால், சொத்தை பல்லின் நரம்பு வரை போயிருக்க வாய்ப்பு அதிகம். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். பிறகு மரத்துப்போக ஊசி. கீழ்த்தாடையில் அது முழுதாக வேலை செய்யச் சில நிமிடம் பிடிக்கும்; உதடு தடித்தாற்போல் ஆன பிறகே தொடங்குவோம். நரம்பு ரொம்ப வீங்கியிருந்தால் ஒரே ஊசி போதாமல் போகலாம். சுருக்கென்றால் கையைத் தூக்குங்கள், நிறுத்திவிட்டு இன்னும் கொஞ்சம் மருந்து போடுவோம். வேரைச் சுத்தம் செய்து அடைக்க ஒன்று முதல் மூன்று முறை வர வேண்டியிருக்கும். முடிந்த பிறகு இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது வலிப்பது சகஜம். வீக்கம் கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வாருங்கள்.

வேர் சிகிச்சை முடிந்த பல்லின் மேல் மூடியாகக் கேப் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். வலி போனதும் விட்டுவிட்டால், பாதி கரைந்த கடைவாய்ப்பல் கடிக்கும்போது பிளந்துவிடும். வேர் வரை பிளந்த பல்லைப் பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டும், அதையும் முதலிலேயே சொல்லிவிடுவோம்.

சர்க்கரை, இதய மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரை அட்டையோடு வாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.