தைலம் பாட்டில் ரிவ்யூ 212-ஐயும் எண்ணின கதை

குன்னூர்ல எங்க கடை, நீலகிரி தைலம் ஆன்லைன்லயும் போடுறோம். பாட்டில் லீக் ஆகுதுன்னு ரிவ்யூ வந்துட்டே இருந்துச்சு, அண்ணன் கூரியர்காரங்க தூக்கிப் போடுறதுதான் காரணம்னு சொல்லிட்டே இருந்தாரு. சரி எத்தனை பேர்தான் சொல்றாங்கன்னு பாத்துரலாம்னு 212 ரிவ்யூவையும் சாட்பாட்ல போட்டு புகார் வாரியா பிரிச்சு எண்ணிக்கை கேட்டேன். லீக் 47னு வந்துச்சு. திருப்பி கேட்டா 39. அது ஒவ்வொண்ணா எண்றதில்ல, படிச்சதை வச்சு பொருத்தமா தெரியுற ஒரு நம்பரை எழுதுது, அவ்ளோதான்.

அதனால எண்ற வேலைய அதுகிட்ட இருந்து எடுத்துட்டேன். மொதல்ல ஒரே ஆள் ரெண்டு தடவ போட்டது 9 இருந்துச்சு, அத தூக்கினா 203. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுத்து, 25 25ஆ அனுப்பி, ரிவ்யூ நம்பர், என்ன புகார், எந்த வார்த்தைய வச்சு அப்படி சொல்ற, இந்த மூணு மட்டும் குடுன்னு கேட்டேன். ஒரு ரிவ்யூல ரெண்டு புகார் இருந்தா ரெண்டையும் ஒரே வரில போடு, புகாரே இல்லன்னா "இல்லை"ன்னு போடு, இதையும் சொல்லணும், இல்லன்னா பாராட்டி எழுதுனவங்களையும் எதுலயாவது திணிச்சிரும். அப்புறம் ஷீட்ல எண்ணினேன்:

```
=COUNTIF(B2:B204,"*லீக்*")
```

36 வந்துச்சு. இங்கயே நிறுத்தியிருந்தா தப்பாயிருக்கும். அந்த 36 வரியையும் படிச்சேன், 7 பேர் எழுதுனது "லீக் ஆகல, சூப்பர் பேக்கிங்". ஆகுதுக்கும் ஆகலைக்கும் நடுவுல ரெண்டெழுத்துதான், அதுல தடுக்கிருச்சு. ஆக 29.

விட்டுப்போனதும் இருக்குமேன்னு மத்த வரில 40 எடுத்து கையால பாத்தேன், ரெண்டு சிக்குச்சு, ரெண்டுமே "அளவு கம்மி"ல இருந்துச்சு. ஒருத்தர் "பாட்டில் பாதிதான் இருந்துச்சு, பெட்டி பூரா தைல வாசனை"ன்னு எழுதியிருக்காரு, லீக்ங்கிற வார்த்தையே இல்ல. உடனே அந்த "அளவு கம்மி" 11-ஐயும் முழுசா படிச்சேன், அந்த ரெண்டையும் சேத்து 6 பேர் சொன்னது லீக்தான். மொத்தம் 35, 203-ல.

அண்ணன்கிட்ட காட்டும்போது ஒண்ணு தெளிவா சொல்லிட்டேன், நூத்துக்கு 17 பாட்டில் ஒழுகுதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, வாங்குனவங்கள்ல எழுதுனவங்க மட்டும்தான் இது, அதுலயும் கோவம் வந்தவங்கதான் அதிகம் எழுதுவாங்க.

தேதிய பக்கத்துல வச்சு பாத்தப்பதான் எனக்கு வெளங்குச்சு. 35-ல 22 ஏப்ரல், மே மாசம். நாங்க இங்க குளுருல கழுத்து வரைக்கும் ரொப்பி மூடுறோம், கீழ வெயில்ல எண்ணெய் விரிஞ்சு மூடி வழியா வருதுன்னு தோணுது. கூரியரா இருந்தா வருஷம் பூரா வந்திருக்கணும்ல. இப்ப ஒரு விரக்கட எடம் விட்டு ரொப்புறோம், அடுத்த மே ரிவ்யூவ இதே மாதிரி எண்ணணும்.