எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கோவையில் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். 2025 பிப்ரவரியில் எங்கள் சப்ளையர்களுக்கான வருடாந்தரக் கூட்டம் நடந்தது. அதற்கு பத்து நாள் முன்பு எம்.டி. என்னைக் கூப்பிட்டு நாலு பக்கம் டைப் செய்த காகிதத்தைக் கொடுத்தார். "நன்றி சொல்லணும், அப்புறம் பேமெண்ட் இனி சீக்கிரம் வரும்னு சொல்லணும். அஞ்சு நிமிஷத்துல முடியற மாதிரி கொஞ்சம் பாலிஷ் பண்ணிக் குடுங்க" என்றார்.

முதலில் நானும் வார்த்தைகளைத்தான் பார்த்தேன். "எங்கள் வளர்ச்சியின் தூண்களே", "கைகோத்து நடப்போம்" போன்ற வரிகளை அடித்ததுமே இரண்டு பக்கம் குறைந்துவிட்டது. மூன்றாவது பக்கத்தின் நடுவில் இருந்த விஷயத்துக்கு வந்தபோதுதான் நின்றேன். "உங்களுக்கு எங்கள் பரிசாக, பேமெண்ட் காலத்தை 45 நாளிலிருந்து 30 நாளாகக் குறைக்கிறோம்." படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அரங்கில் உட்காரப்போகிறவர்களில் யாருக்கும் 45 நாளில் பணம் வந்ததில்லை. இந்த வரியைக் கேட்டதுமே, அடுத்த வரியையும் நம்பக் கூடாது என்று முடிவு செய்துவிடுவார்கள்.

ஏன் வந்ததில்லை என்று பார்க்க, இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு பவுண்டரியின் பில்லை எடுத்துக்கொண்டேன். 2024 ஜூன் 3, திங்கட்கிழமை, 200 பம்ப் பாடி காஸ்டிங் வண்டியில் வந்து இறங்கியிருக்கிறது. கேட்டில் செக்யூரிட்டி வைத்த சீலில் அந்தத் தேதிதான் இருக்கிறது. தரம் பார்க்கும் க்யூசி முடிந்து, சரக்கு வரவைப் பதியும் ஜி.ஆர்.என்.-ஐ ஸ்டோரில் போட்டது ஜூன் 8. பில் பர்ச்சேஸுக்கு வந்து, என் மேஜையிலும் ஒரு நாள் கிடந்து, அக்கவுன்ட்ஸில் பாஸ் ஆனது ஜூன் 14. எங்கள் கணக்கில் 45 நாள் தொடங்குவது அன்றைக்குத்தான். அது ஜூலை 29-ல் முடிகிறது. ஆனால் நாங்கள் பணம் அனுப்புவது மாதத்தில் இரண்டே நாள், 7-ம் தேதியும் 22-ம் தேதியும். ஆக, பணம் போனது ஆகஸ்ட் 7. சரக்கு இறங்கிய நாளிலிருந்து 65 நாள்.

எங்கள் சிஸ்டத்தில் இது "தாமதம் இல்லை" என்றே பதிவாகியிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. பவுண்டரிக்காரருக்கு நாள் ஓடத் தொடங்குவது அவர் வண்டி எங்கள் கேட்டைத் தாண்டும்போது. இரும்பும் ஸ்கிராப்பும் வாங்கிய பணம் அதற்கும் முன்பே கையைவிட்டுப் போயிருக்கும். ஆட்களுக்கு சனிக்கிழமை கூலி, மாதம் பிறந்தால் கரன்ட் பில். இதற்கெல்லாம் எங்கள் அக்கவுன்ட்ஸ் எப்போது பில் பாஸ் செய்கிறது என்ற கணக்குக் கிடையாது.

சட்டமும் அவர் எண்ணுகிற மாதிரியேதான் எண்ணுகிறது. 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டத்தின்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். இந்த நாள் ஓடுவது சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து. சரக்கு வந்த 15 நாளுக்குள் குறை இருப்பதாக எழுதித் தெரிவிக்கவில்லை என்றால், வந்த அன்றே ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம். பில் பாஸ் ஆகும் தேதி என்ற பேச்சே அதில் இல்லை. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் இதை இணைத்துவிட்டார்கள். கெடு தாண்டி, மார்ச் 31 அன்றும் கொடுக்காமல் நிற்கும் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. கொடுத்த வருடத்தில்தான் காட்ட வேண்டும்.

இப்படியிருக்க, "பரிசு" என்ற சொல் அங்கே நிற்கவே முடியாது. நாம் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறோம், இத்தனை நாள் தாமதமாகக் கொடுத்தோம். இதைச் சொல்லாமல் நன்றி சொன்னால் அது ஒட்டாது என்று நினைத்தேன்.

அக்கவுன்ட்ஸில் இருக்கும் அண்ணாவிடம் போனேன். கம்பெனியில் முப்பது வருடமாக இருக்கிறார். எண்ணும் நாளைக் கேட் என்ட்ரி தேதிக்கு மாற்றலாமா என்றதும், "ஏனுங்க தம்பி, ரிஜெக்ட் ஆன சரக்குக்கும் நாள் ஓடுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு நாள் உட்கார்ந்து பேசினோம். குறை இருந்தால் ஐந்து வேலை நாளுக்குள் க்யூசி எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்தக் குறையுள்ள அளவுக்கான தொகை மட்டும் நிற்கும், மீதி போகும். ஐந்து நாளில் ஒன்றும் சொல்லாவிட்டால் முழு பில்லும் போகும். பில்லில் எங்கள் ஆர்டரின் பி.ஓ. நம்பர் இல்லாமல் இருந்தாலோ, எண்ணிக்கை டெலிவரி சலானோடு ஒத்துப்போகாமல் இருந்தாலோ மூன்று நாளுக்குள் போன் போட்டுச் சொல்ல வேண்டும். இதுவரை சப்ளையரே போன் செய்து கேட்கும் வரை அந்த பில் ஒரு ஃபைலில் சும்மா கிடக்கும். வழக்கத்தில் அதிக நாளைத் தின்றது இந்த ஃபைல்தான்.

அடுத்தது பணம் போகும் நாள். வாரா வாரம் வெள்ளிக்கிழமை என்று வைத்தோம். 30 நாள் முடிவதற்குள் வரும் வெள்ளியிலேயே அனுப்பிவிடலாம் என்றேன். பேங்க் லிமிட் தாங்காது என்று அண்ணா மறுத்தார். கணக்கைக் காட்டினார், நானும் ஒத்துக்கொண்டேன். ஆக, 30 நாள் முடிந்து வரும் வெள்ளி. முப்பதாவது நாள் சனிக்கிழமையில் விழுந்தால் பணம் 36-வது நாள்தான் போகும். அப்படியென்றால் மேடையில் வெறுமனே "30 நாள்" என்று சொல்லக் கூடாது. 36 என்ற எண்ணையும் எம்.டி. தன் வாயால் சொல்ல வேண்டும். கேட்பதற்குக் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும், ஆறு மாதம் கழித்து ஒருவரும் "அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களே" என்று கேட்க மாட்டார்கள்.

மாதம் 10 லட்சத்துக்குக் காஸ்டிங் போடும் ஒருவருக்கு இது என்ன மாற்றம் என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அந்த ஜூன் 3 சரக்கையே புது முறையில் எண்ணினால் பணம் ஜூலை 5, வெள்ளிக்கிழமை, 32 நாளில் போயிருக்கும். 65 நாள் 32 ஆனால் சுமார் 11 லட்ச ரூபாய் எங்களிடம் முடங்காமல் அவர் கைக்குத் திரும்பும். பேங்க் ஓவர்டிராஃப்டுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்தால் வருடத்துக்கு 1 லட்சத்து 32 ஆயிரம் மிச்சம். இந்தக் கணக்கை உரையில் சேர்க்கவில்லை, அவரவர் கணக்கு அவரவருக்குத் தெரியும். எம்.டி.யிடம் மட்டும் காட்டினேன்.

காட்டியதற்குக் காரணம் நாலாவது பக்கம். அறிவிப்பை அடுத்து அதில் ஒரு பத்தி இருந்தது: "இதேபோல் நீங்களும் விலையில் 3 சதவீதம் குறைத்து ஒத்துழைக்க வேண்டும்." இதை எடுக்கச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "சார், இது இருந்தா முன்னாடி சொன்ன நன்றி, பேமெண்ட் எல்லாமே இதுக்கான பீடிகைன்னு ஆயிடும். விலையைத் தனித்தனியா ஒவ்வொருத்தர்கிட்டயும் நாங்க பேசறோம். மேடையில வேண்டாம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்து அந்தப் பத்தியைத் தானே அடித்தார். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை கூடியது.

அப்புறம் நன்றி. யார் பெயரையாவது சொன்னால் சொல்லாத பெயர்கள் வருத்தப்படும். யார் பெயரையும் சொல்லாவிட்டால் எல்லோருக்கும் பொதுவான வாழ்த்து மாதிரி ஆகிவிடும். பம்ப் வியாபாரத்தில் கோடைதான் சீசன். போன ஏப்ரலில் ஆர்டர் குவிந்தபோது பவுண்டரிகள் ஞாயிற்றுக்கிழமையும் உலை மூட்டினார்கள். லேத் பட்டறைகளில் இரவு ஷிஃப்ட் ஓடியது. அட்டைப்பெட்டி போடுகிறவர் ஒரே நாளில் பிரிண்ட்டை மாற்றிக் கொடுத்தார். பெயர்களுக்குப் பதில் இந்த வேலைகளைச் சொன்னோம். கேட்கிறவர் தன் வேலை வரும்போது தன்னை அடையாளம் கண்டுகொள்வார்.

கடைசியில் உரையின் நடுப்பகுதி இப்படி வந்தது:

"போன வருஷம் உங்களில் பலருக்குப் பணம் 60 நாள் தாண்டித்தான் வந்தது. அது எங்கள் தவறு, மன்னிக்கணும். ஏப்ரல் ஒண்ணாம் தேதியிலிருந்து உங்கள் வண்டி எங்கள் கேட்டுக்குள் வரும் தேதியை வைத்துத்தான் கணக்கு. அதிலிருந்து 30 நாள் எண்ணி, முடிந்து வரும் வெள்ளிக்கிழமை பணம் உங்கள் கணக்கில் இருக்கும். அதிகம் போனால் 36 நாள். இது காஸ்டிங், ஜாப் ஒர்க், பேக்கிங் தருகிறவர்களுக்கு. ஸ்டீல், காப்பர் வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இப்போதைக்கு 45 நாளேதான், ஆனால் அதையும் இனி கேட் தேதியிலிருந்தே எண்ணுவோம். பழைய பாக்கி எல்லாம் மார்ச் 31-க்குள் முடிந்துவிடும்."

வியாபாரிகள் பற்றிய வரியை விட்டுவிடலாம், கூட்டத்தில் முகம் சுளிப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். நான் விடவில்லை. கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய், மே மாதத்தில் தெரிந்துகொள்வது அதைவிட மோசம்.

எம்.டி.யை இரண்டு முறை வாய்விட்டுப் படிக்க வைத்தேன். "கொள்முதல் சுழற்சி" என்ற இடத்தில் இரண்டு முறையும் தடுமாறினார், அதை எடுத்துவிட்டோம். சாப்பாட்டுக்கு முன் கடைசியாக இருந்த அறிவிப்பை முன்னுக்குக் கொண்டுவந்தோம். பசி நேரத்தில் தேதி யார் காதிலும் ஏறாது. எல்லாம் சேர்த்து நாலரை நிமிடம். அதே விவரம் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்து ஒவ்வொரு நாற்காலியிலும் வைத்தோம். சந்தேகம் வந்தால் கூப்பிட வேண்டிய அக்கவுன்ட்ஸ் நம்பரும் அதில் இருந்தது.

கூட்டத்தில் "மன்னிக்கணும்" என்ற இடத்தில் அரங்கம் அமைதியானது. கைதட்டல் வந்தது கேட் தேதியைச் சொன்னபோது. ஒரு பெரியவர் அச்சடித்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

ஏப்ரல் 1-ல் வந்த சரக்குக்கு மே 1-ல் 30 நாள் முடிந்தது. மறுநாள் வெள்ளி. சாயங்காலம் ஒரு லேத் பட்டறைக்காரர் கூப்பிட்டார். "தம்பி, பணம் வந்துருச்சுங்க. கேட் சீட்டை எடுத்து வச்சு எண்ணிப் பாத்தேன், 31 நாள்" என்றார். அன்றைக்குப் போக வேண்டியதில் ஒரு பில் மட்டும் நின்றிருந்தது. சலானில் 200, ஸ்டோர் எண்ணியது 198. மூன்று நாளுக்குள் சொல்ல வேண்டிய போனை நாங்கள் போடவில்லை. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அதைத் தீர்த்து, அடுத்த வெள்ளி வரைக்கும் வைக்காமல் அன்றே பணத்தை அனுப்பச் சொன்னேன். அண்ணா ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பினார்.